லேபிளை மட்டும் மாற்று, டப்பாவைத் தொடாதே: இன்பெயின்டிங்கில் மாஸ்க் எதைக் காக்கிறது, எதைக் காக்காது

ஒரு வெள்ளை பிளாஸ்டிக் டப்பாவை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே பருப்புப் பொடி, மேலே சிவப்பு மூடி, சுற்றிலும் காகித லேபிள். நல்ல வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்தாகிவிட்டது. இப்போது அதே டப்பாவில் கறிவேப்பிலைப் பொடியும் வருகிறது; லேபிளில் பெயர் வேறு, மூடி பச்சை. மற்றபடி எல்லாம் அதேதான். மறுபடி டப்பாவை வைத்து, விளக்கு போட்டு, படம் எடுப்பதற்குப் பதில், பெயரையும் மூடி நிறத்தையும் மட்டும் படத்திலேயே மாற்றிவிடலாம் என்று தோன்றுவது இயல்பு. அதற்குத்தான் இன்பெயின்டிங் இருக்கிறது: மாற வேண்டிய இடத்தை மட்டும் குறித்துக் கொடுத்தால், அங்கே மட்டும் ஏஐ மாடல் புதிதாக வரைந்து தரும் முறை.

ஆனால் செய்து பார்த்தவர்கள் பலரும் ஒரே இடத்தில்தான் குழம்புகிறார்கள். மூடியை மட்டும்தான் குறித்தோம், ஆனால் லேபிளின் அடியில் இருக்கும் உரிம எண்ணில் 3 என்பது 8 மாதிரி ஆகிவிட்டது. சைவ உணவுக்கான பச்சைப் புள்ளி, சுற்றியுள்ள கட்டத்தோடு கலந்து ஒரு கறையாக நிற்கிறது. குறிக்காத இடம் எப்படி மாறியது? இதற்கு விடை தெரிந்தால், மற்ற வேலை முறைகள் எல்லாம் தானாகவே புரியும். அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

## மாஸ்க்கை மாடல் எங்கே வைத்துப் பார்க்கிறது

மாஸ்க் என்பது அசல் படத்தின் அதே நீள அகலத்தில் இருக்கும் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். பெரும்பாலான கருவிகளில் வெள்ளை என்றால் "இங்கே மாற்று", கறுப்பு என்றால் "இங்கே தொடாதே". நடுவில் சாம்பல் நிறம் இருந்தால், அங்கே பழையதும் புதியதும் கலந்து வரும்.

இதைப் படிக்கும்போது, கறுப்பாக இருக்கும் இடத்தின் பிக்சல்களைக் கருவி அப்படியே வைத்துக்கொள்ளும் என்று நினைக்கத் தோன்றும். ஸ்டேபிள் டிஃப்யூஷன் வகை மாடல்களில் அப்படி நடப்பதில்லை. இந்த மாடல்கள் பிக்சல்களோடு நேரடியாக வேலை செய்வதில்லை. முதலில் படத்தைச் சுருக்கி, லேட்டன்ட் எனப்படும் ஓர் எண் அட்டவணையாக மாற்றிக்கொள்கின்றன. சுருக்குவதும் திரும்ப விரிப்பதும் விஏஇ என்ற தனிப் பகுதியின் வேலை.

சுருக்கம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் விளங்கும். 512 × 512 பிக்சல் படத்தில் ஒவ்வொரு பிக்சலுக்கும் மூன்று நிற எண்கள். மொத்தம் 7,86,432 எண்கள். ஸ்டேபிள் டிஃப்யூஷன் 1.5 இதை 64 × 64 கட்டங்களாக, கட்டத்துக்கு நான்கு எண்களாக மாற்றுகிறது. மொத்தம் 16,384 எண்கள். அதாவது 48-ல் ஒரு பங்கு. ஒவ்வொரு கட்டமும் அசல் படத்தின் 8 × 8 பிக்சல் சதுரத்துக்குப் பதிலாக நிற்கிறது. மாஸ்க்கும் இந்தக் கட்ட அளவுக்கே சுருக்கப்படுகிறது. நீங்கள் எவ்வளவு நுணுக்கமாக ஓரம் வரைந்தாலும், உள்ளே போகும்போது அது எட்டு பிக்சல் படிகளாக உடைந்த ஓரம்தான்.

சரி, மாடல் வரைவது எப்படி? மாஸ்க் உள்ளே இருக்கும் கட்டங்களில் இரைச்சலைக் கலந்து, படிப்படியாக அந்த இரைச்சலை நீக்கிக்கொண்டே புது உருவத்தைக் கொண்டுவருகிறது. வெளியே இருக்கும் கட்டங்களில், ஒவ்வொரு படியிலும் அசலின் லேட்டன்ட்டைத் திரும்ப வைத்துவிடுகிறது. இன்பெயின்டிங்குக்கென்றே பயிற்றுவித்த மாடல்களுக்குக் கூடுதலாக ஒரு வசதி உண்டு: மாஸ்க்கையும், மாஸ்க் இட்ட படத்தையும் சேர்த்தே அவற்றுக்குக் காட்டுவார்கள். அதனால் ஓரத்தில் கோடும் நிழலும் தொடர்ந்து வருவது அவற்றில் நன்றாக இருக்கும்.

## குறிக்காத இடம் ஏன் மாறுகிறது

இப்போது கேள்விக்கு வருவோம். வெளியே இருக்கும் கட்டங்களில் அசல் லேட்டன்ட் அப்படியே காக்கப்படுகிறது. ஆனால் லேட்டன்ட் காக்கப்பட்டது என்பதற்குப் பிக்சல் காக்கப்பட்டது என்று பொருள் இல்லை. கடைசியில் மொத்த லேட்டன்ட்டையும் விஏஇ விரித்துப் படமாக்குகிறது. 48-ல் ஒரு பங்காகச் சுருங்கியதை விரிக்கும்போது, இழந்த நுணுக்கத்தை அது ஊகித்து நிரப்புகிறது. வெற்று வெள்ளை பிளாஸ்டிக்கிலும் பின்னணிச் சுவரிலும் இந்த ஊகம் கண்ணுக்கே தெரியாது. நாலைந்து பிக்சல் உயரமே உள்ள எழுத்தில்தான் வெட்டவெளிச்சமாகத் தெரியும்.

மூடியை மாற்றியபோது 3 என்ற இலக்கம் 8 ஆனது இப்படித்தான். அதை யாரும் திரும்ப எழுதவில்லை. சுருக்கி விரித்ததில் அது தேய்ந்துபோனது. மாஸ்க்கே போடாமல், படத்தை விஏஇ வழியாக ஒரு முறை அனுப்பி எடுத்தாலும் இதே சேதம் நடக்கும். எஸ்டி3, ஃப்ளக்ஸ் போன்ற பின்வந்த மாடல்கள் கட்டத்துக்கு நான்குக்குப் பதில் 16 எண்கள் வைத்துக்கொள்கின்றன. அதனால் சேதம் வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஆனாலும் முழுதாகப் போய்விடவில்லை.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, சேதம் சேர்ந்துகொண்டே போகும். மூடியை மாற்றி வந்த படத்தை எடுத்து லேபிளை மாற்றி, அதை எடுத்து நிழலைத் திருத்தி என்று போனால், ஒவ்வொரு சுற்றிலும் படம் முழுவதும் ஒரு முறை சுருங்கி விரிகிறது. நாலு சுற்றுக்குப் பிறகு டப்பாவின் பொடி எழுத்து எல்லாம் மெழுகு உருகின மாதிரி இருக்கும். ஒவ்வொரு திருத்தத்தையும் அசலிலிருந்தே தொடங்குவதற்குக் காரணம் இதுதான்.

## காப்பது மாஸ்க் அல்ல, கடைசியில் போடும் ஒட்டு

அப்படியானால் "மற்றது எதுவும் மாறவில்லை" என்று எப்படி உறுதி சொல்வது? ஒரே வழிதான். மாடல் தந்த படத்தை முடிவான படமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அதிலிருந்து மாறிய துண்டை மட்டும் வெட்டி, அசல் படத்தின் மேல் ஒட்ட வேண்டும். அப்போது மாஸ்க்குக்கு வெளியே இருப்பவை கேமராவில் விழுந்த அதே பிக்சல்கள்.

சில கருவிகள் இதைத் தாமாகவே செய்கின்றன. ஸ்டேபிள் டிஃப்யூஷனை ஓட்டும் AUTOMATIC1111-ல் "Only masked" என்பதைத் தேர்ந்தெடுத்தால், திருத்திய துண்டை அசலின் மேல் ஒட்டித்தான் தரும். ComfyUI-ல் விஏஇ விரித்துத் தந்த படத்தை அப்படியே சேமித்தால் ஒட்டு நடக்காது. `ImageCompositeMasked` என்ற கணுவை நாமேதான் சேர்க்க வேண்டும். பைத்தானில் என்றால் ஐந்தே வரி:

```python
from PIL import Image
asal = Image.open("asal.png").convert("RGB")
pudhu = Image.open("pudhu.png").convert("RGB")
mask = Image.open("mask_ottu.png").convert("L")
Image.composite(pudhu, asal, mask).save("mudivu.png")
```

இங்கே `mask_ottu.png` என்று தனிப் பெயர் கொடுத்திருப்பது காரணத்தோடுதான். வரைவதற்கு ஒரு மாஸ்க், ஒட்டுவதற்கு இன்னொன்று என்று இரண்டு வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

1. வரையும் மாஸ்க் தாராளமாக இருக்கட்டும். மாற வேண்டிய இடத்தைவிட 10 முதல் 16 பிக்சல் வெளியே வரை பரவட்டும். எட்டு பிக்சல் படி ஓரமும், அங்கே உண்டாகும் நிறக் குழப்பமும் அந்தக் கூடுதல் பட்டையில் விழுந்துவிடும்.

2. ஒட்டும் மாஸ்க் இறுக்கமாக இருக்கட்டும். அதன் ஓரம் எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்து அதை மென்மையாக்கும் அளவு மாறும். லேபிளின் வெற்றுக் காகிதத்தின் நடுவே ஓரம் போகிறதென்றால் 8 முதல் 12 பிக்சல் வரை மென்மையாக்கலாம், இணைப்பு தெரியாது. மூடியும் பின்னணியும் சந்திக்கும் இடத்தில் 1 அல்லது 2 பிக்சலுக்கு மேல் போனால், பச்சை மூடியைச் சுற்றிப் பழைய சிவப்பு ஒரு வளையமாக எட்டிப்பார்க்கும்.

எழுத்தின் விளிம்பை ஒட்டியே மாஸ்க் வரைவதைத் தவிர்ப்பது நல்லது. அங்கே பழைய மையின் கசிவு ஓரிரு பிக்சல் மிஞ்சிவிடும். காகிதத்தின் வெற்றிடமோ, லேபிளின் வெட்டு விளிம்போ எப்போதும் பாதுகாப்பான ஓரம்.

## லேபிள்: பெரிய படத்தில் சின்ன இடம்

நம் டப்பா படம் 3000 × 4000 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். லேபிளில் பெயர் இருக்கும் பகுதி 900 × 420. முழுப் படத்தையும் மாடலுக்குக் கொடுக்க அதை 768 × 1024 ஆகக் குறைத்தால், பெயர்ப் பகுதி சுமார் 230 × 107 பிக்சலாகிவிடும். லேட்டன்ட்டில் அது 28 × 13 கட்டங்கள். பதின்மூன்று கட்ட உயரத்துக்குள் காகிதத்தின் நெளிவு, அச்சின் விளிம்பு, வெளிச்சச் சரிவு எல்லாம் வர வேண்டும். வராது.

ஆகவே துண்டை வெட்டி எடுத்து வேலை செய்ய வேண்டும். பெயர்ப் பகுதியைச் சுற்றி நான்கு பக்கமும் 62 பிக்சல் விட்டு வெட்டினால் 1024 × 544 கிடைக்கும். இரண்டும் எட்டால் வகுபடும் எண்கள். எங்கும் அளவைக் குறைக்கவோ கூட்டவோ வேண்டியதில்லை. லேட்டன்ட்டில் 128 × 68 கட்டங்கள். அதே மாடல்தான், ஆனால் இப்போது பெயர்ப் பகுதிக்கு அகலத்திலும் உயரத்திலும் ஏறக்குறைய நான்கு மடங்கு இடம். முடிந்தபின் துண்டை வெட்டிய அதே இடத்தில் திரும்ப வைத்தால் போதும்.

சுற்றி விடும் அந்தப் பட்டையும் வீண் அல்ல. மாடல் அதைப் பார்த்துத்தான் காகிதத்தின் நிறம் என்ன, வெளிச்சம் எந்தப் பக்கம் என்று புரிந்துகொள்கிறது. மிகக் குறைவாக விட்டால், துண்டு சுத்தமாக வந்திருக்கும். ஆனால் டப்பாவில் வைத்ததும் வேறு படத்திலிருந்து ஒட்டியது போல நிற்கும்.

## தமிழ்ப் பெயரை மாடலிடம் கேட்க வேண்டாம்

"கறிவேப்பிலைப் பொடி" என்று எழுதச் சொல்லி மாடலைக் கேட்டால், தமிழ் மாதிரித் தெரியும் ஏதோ ஒன்று வரும். ஆங்கில எழுத்துகளைத் தெளிவாக எழுதும் புதிய மாடல்கள்கூடத் தமிழில் தடுமாறுகின்றன. ஆங்கிலம், சீனம் அளவுக்குத் தமிழ் எழுத்துள்ள படங்களை அவை பார்த்ததில்லை. புள்ளி இடம் மாறும், "றி"யின் கொக்கி அடுத்த எழுத்தோடு ஒட்டும். பத்து முறை முயன்று ஒன்று சரியாக வந்தாலும், அதன் எழுத்துரு லேபிளில் இருக்கும் மற்ற எழுத்துகளோடு பொருந்தாது.

இதில் சரியான பிரிவினை இப்படி: அழிப்பதை மாடல் செய்யட்டும், எழுதுவதை நாம் செய்வோம்.

அழிக்கும் படிக்கு, பெயர் முழுவதையும் மூடும் மாஸ்க் போட்டு, வெற்றுக் காகிதம் வேண்டும் என்று மட்டும் கேட்க வேண்டும். இங்கே டினாய்ஸ் அளவு 1.0 வரை போகலாம். பழைய எழுத்தின் சுவடு எதுவும் தங்கக் கூடாது என்பதுதான் நோக்கம். டினாய்ஸ் என்பது எவ்வளவு இரைச்சல் கலந்து தொடங்குகிறோம் என்பதைச் சொல்லும் எண்: 0 என்றால் ஒன்றும் மாறாது, 1 என்றால் பழையதை அறவே மறந்துவிட்டு வரையும். ComfyUI-ல் `VAE Encode (for Inpainting)` கணுவைப் பயன்படுத்தினால் மாஸ்க் பகுதி முதலில் சாம்பலாக நிரப்பப்படும். அதனால் அங்கே டினாய்ஸைக் குறைத்தால் சாம்பல் கறை மிஞ்சும். குறைந்த அளவு வேண்டுமானால் `Set Latent Noise Mask` கணுவுக்கு மாற வேண்டும்.

கிடைத்த வெற்றுக் காகிதத்தின் மேல் பெயரை எழுத்துருவில் அடித்து வைப்பது அடுத்த படி. ஃபோட்டோஷாப், கிம்ப், க்ரிட்டா எதுவானாலும் சரி. பைத்தானில் செய்பவர்கள் ஒரு சோதனையை முதலில் செய்துவிடுங்கள்:

```python
from PIL import features
print(features.check("raqm"))
```

இது `False` என்று காட்டினால், எழுத்துகளைத் தமிழ் முறைப்படி கோக்கும் நூலகம் உங்கள் கணினியில் இல்லை. அப்போது "வே" என்பதில் இரட்டைக்கொம்பு "வ"வுக்குப் பின்னால் போய் நிற்கும். "லை"யும் "பொ"வும் அப்படியே சிதறும். எழுத்துரு கெட்டுவிட்டது என்று பலர் எழுத்துருவை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். கோளாறு அங்கே இல்லை.

எழுத்தைத் தட்டையாக வைத்தால் ஸ்டிக்கர் ஒட்டினது போல இருக்கும். டப்பா உருளை வடிவம் என்பதால் மூன்று விஷயங்களைப் பொருத்த வேண்டும்.

1. வளைவு. உருளையின் நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகப் போக எழுத்தின் அகலம் குறையும். நடுவிலிருந்து 60 டிகிரி திரும்பிய இடத்தில் அகலம் சரிபாதி. கேமரா கொஞ்சம் மேலிருந்து பார்த்திருந்தால், எழுத்தின் அடிக்கோடும் லேபிளின் கீழ் விளிம்பைப் போலவே மெல்லக் கீழே வளையும். அந்த விளிம்பையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

2. வெளிச்சம். காகிதத்தில் இடப்பக்கம் பளபளப்பும் வலப்பக்கம் நிழலும் இருக்கும். எழுத்து அடுக்கை "Multiply" முறையில் வைத்தால் காகிதத்தின் நிழல் எழுத்தின் மேலும் விழும். வெளிறிய காகிதத்தில் அடர்ந்த எழுத்து என்றால் இதுவே போதும்.

3. கூர்மை. கணினி அடிக்கும் எழுத்து, லென்ஸ் வழியாக வந்த படத்தைவிட எப்போதும் கூராக இருக்கும். பக்கத்தில் இருக்கும் பழைய எழுத்து ஒன்றை 400 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். அதன் விளிம்பு இரண்டு மூன்று பிக்சலில் கரைவது தெரியும். அதே அளவு மங்கலைப் புது எழுத்துக்கும் கொடுத்து, மேலே துளி மணல் இரைச்சலையும் தூவ வேண்டும். பார்ப்பவர் கண்ணுக்கு "ஏதோ உறுத்துகிறது" என்று தோன்றுவது பெரும்பாலும் இந்தக் கூர்மையில்தான்.

## மூடி: நிறம் மட்டும் மாற வேண்டும் என்றால்

இங்கே இன்பெயின்டிங்கின் உள்முரண் ஒன்று வெளிப்படுகிறது. சிவப்பு மூடிக்கு மாஸ்க் போட்டு, "பச்சை மூடி" என்று எழுதி, டினாய்ஸ் 0.4 வைத்தால் சிவப்பாகவே வரும், அல்லது பழுப்பாக. காரணம், இரைச்சல் குறைவாக இருக்கும்போது படத்தில் அழியாமல் நிற்பவை பெரிய பெரிய விஷயங்கள்: மொத்த நிறம், மொத்த வடிவம். நமக்கோ அந்த மொத்த நிறம்தான் மாற வேண்டும். சரி என்று 0.9-க்கு ஏற்றினால் பச்சை வரும். கூடவே மூடியைச் சுற்றி இருக்கும் வரிவரியான பிடிப்புகளின் எண்ணிக்கையும் மாறும், மூடியின் உயரமும் கொஞ்சம் கூடும். அது இப்போது உங்கள் மூடியே இல்லை.

ஆகவே நிறம் மட்டும் மாறுகிற வேலையில் மாடலைக் கூப்பிடாமலே பெரும்பகுதியை முடித்துவிடலாம். ஒரு பிக்சலின் வெளிச்சத்தையும் நிறத்தையும் தனித்தனியாகப் பிரித்து, வெளிச்சத்தை அப்படியே வைத்துக்கொண்டு நிறத்தை மட்டும் மாற்றுவதுதான் வழி. ஃபோட்டோஷாப்பில் மூடியின் மேல் ஒரு பச்சை அடுக்கு வைத்து, கலக்கும் முறையை "Color" என்று மாற்றினால் இதுதான் நடக்கிறது. கிம்ப்பில் "LCh Color". வரிகள், நிழல், கீறல் எல்லாம் பழையபடியே இருக்கும். ஏனென்றால் அவை வெளிச்சத்தில்தான் பதிந்திருக்கின்றன.

ஆனால் இரண்டு இடங்களில் இது தானாகச் சரிவராது. ஒன்று, சிவப்பின் வெளிச்ச அளவும் நமக்கு வேண்டிய பச்சையின் வெளிச்ச அளவும் வேறு. நிறத்தை மட்டும் மாற்றினால் கறிவேப்பிலைப் பச்சைக்குப் பதிலாக வெளிறிய பச்சை வரலாம். "Curves" கொண்டு மொத்த வெளிச்சத்தையும் இறக்க வேண்டும். இன்னொன்று, மூடியில் விளக்கு பட்டு மின்னும் வெள்ளைத் திட்டு. பளபளப்பான பிளாஸ்டிக்கில் அந்தத் திட்டு விளக்கின் நிறத்தில்தான் இருக்கும், மூடியின் நிறத்தில் இருக்காது. அதையும் பச்சையாக்கிவிட்டால் மூடி மாவு பூசினது போல மந்தமாகிவிடும். மிக வெளிச்சமான பகுதியை அந்த அடுக்கிலிருந்து விலக்கிவிட வேண்டும்.

இனி மாடல் உண்மையாகவே தேவைப்படும் இடம். வெள்ளை டப்பாவின் தோளில், மூடிக்கு நேர் கீழே உற்றுப் பாருங்கள். சிவப்பு மூடியின் நிறம் அங்கே இளஞ்சிவப்பாகப் படிந்திருக்கும். மூடியை மட்டும் மாற்றினால், பச்சை மூடிக்குக் கீழே இளஞ்சிவப்பு நிழல் நிற்கும். என்ன தவறு என்று சொல்லத் தெரியாதவர்களுக்கும் படம் பொய்யென்று தோன்றிவிடும். அந்தத் தோள் பட்டையையும் மாஸ்க்கில் சேர்க்க வேண்டும். அங்கே முதலில் மெல்லிய பச்சையைக் கையால் தடவிவிட்டு, அதன்பின் டினாய்ஸ் 0.3 அல்லது 0.4-ல் இன்பெயின்டிங் ஓட்டினால், வெளிச்சம் இயல்பாகக் கரையும்படி மாடல் சீராக்கித் தரும். நிறத்தை நாம் முன்கூட்டியே வைத்துவிட்டதால், குறைந்த டினாய்ஸ் இப்போது நமக்குச் சாதகமாக வேலை செய்கிறது.

கறுப்பு மூடியை வெள்ளையாக்குவது மட்டும் இந்த வழியில் நடக்காது. கறுப்பில் வரிகளும் நிழலும் படத்தில் பதியவே இல்லை. ஏற்றிப் பார்த்தால் இரைச்சல்தான் வரும். அதற்கு அதிக டினாய்ஸும், வடிவத்தைப் பிடித்து நிறுத்த கண்ட்ரோல்நெட்டின் கோட்டு வரைபடமோ ஆழ வரைபடமோ வேண்டும். அப்போதும் வருவது மாடல் ஊகித்த மூடிதான். வெள்ளை மூடி கைவசம் இருந்தால் மறுபடி படம் எடுப்பதே சுருக்கமான வழி.

## மாஸ்க் கேட்காத மாடல்கள்

2025-ல் வந்த ஃப்ளக்ஸ் கான்டெக்ஸ்ட், க்வென் இமேஜ் எடிட் போன்றவை மாஸ்க்கே கேட்பதில்லை. "மூடியைப் பச்சையாக்கு" என்று எழுதினால் போதும். மூடி நிறமும் தோளில் விழும் நிழலும் சேர்ந்தே மாறி வரும். அந்த வகையில் அவை கெட்டிக்காரத்தனமானவை. ஆனால் அவை முழுப் படத்தையும் புதிதாக உண்டாக்குகின்றன. டப்பா ஒரு நூலளவு பெரிதாகியிருக்கும், அல்லது இரண்டு மூன்று பிக்சல் நகர்ந்திருக்கும். பெரிய படம் கொடுத்தாலும் பெரும்பாலும் ஏறக்குறைய ஒரு மெகாபிக்சல் அளவில்தான் திரும்பி வரும்.

இவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்பதில்லை. இங்கேயும் ஒட்டுதான் காப்பு. வந்த படத்தை அசலின் அளவுக்குக் கொண்டுவந்து, டப்பாவின் இரு விளிம்புகளும் லேபிளின் மூலைகளும் ஒன்றின் மேல் ஒன்று விழும்படி பொருத்தி, அதன்பின் மூடி மட்டும் தெரியும்படி மாஸ்க் போட்டு ஒட்ட வேண்டும். பொருத்தாமல் ஒட்டினால் மூடியும் கழுத்தும் சந்திக்கும் கோட்டில் ஒரு படி விழும். நிறத்தை மட்டும் அதிலிருந்து எடுத்து, வெளிச்சத்தை அசலிலிருந்து வைத்துக்கொண்டால் இந்தப் படிகூடப் பெரும்பாலும் மறைந்துவிடும்.

## மாறவில்லை என்று எப்படித் தெரியும்

கண்ணால் பார்த்து "அப்படியேதான் இருக்கிறது" என்பது போதாது. கழித்துப் பார்க்க வேண்டும்:

```python
import numpy as np
from PIL import Image
a = np.array(Image.open("asal.png").convert("RGB")).astype(int)
b = np.array(Image.open("mudivu.png").convert("RGB")).astype(int)
m = np.array(Image.open("mask_ottu.png").convert("L"))
d = np.abs(a - b).max(axis=2)
print(d[m == 0].max())
```

மாஸ்க் முழுக் கறுப்பாக இருக்கும் இடங்களில், அசலுக்கும் முடிவுக்கும் உள்ள மிகப் பெரிய வித்தியாசத்தை இது காட்டும். விடை 0 என்று வர வேண்டும். 1 என்றாலும் எங்கோ ஏதோ நடந்திருக்கிறது என்று பொருள். வழக்கமான காரணங்கள் மூன்று:

1. நடுவில் எங்கோ ஜேபெக்காகச் சேமித்திருப்பீர்கள். ஜேபெக் ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் படம் முழுவதையும் தொடும். வேலை முடியும் வரை பிஎன்ஜி. கடைசியில் ஒரே ஒரு முறை ஜேபெக்.

2. நிற விவரக்குறிப்பு நடுவில் மாறியிருக்கும். ஐஃபோன் படங்கள் டிஸ்ப்ளே பி3 என்ற நிறப்பரப்பில் இருக்கும். சில கருவிகள் சேமிக்கும்போது அதை எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிவிடும். படம் முழுவதும் நிற எண்கள் லேசாக மாறும். தொடக்கத்திலேயே எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றி, அதையே அசல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

3. ஒட்டு நடக்கவே இல்லை. இதுதான் அடிக்கடி நடப்பது.

மாஸ்க்குக்கு உள்ளே ஒட்டு சரியா என்று பார்க்க எண் உதவாது. படத்தின் கான்ட்ராஸ்டை அளவுக்கு மீறி ஏற்றிப் பாருங்கள். சாதாரணமாகத் தெரியாத இரண்டு மூன்று அளவு வெளிச்ச வேறுபாடு, லேபிளின் நடுவே ஒரு நீள்சதுரமாக எழுந்து நிற்கும். அந்த வேறுபாட்டை அளந்து, ஒட்டும் துண்டில் கூட்டியோ குறைத்தோ சரிசெய்யலாம்.

## லேபிளில் உள்ளவை வெறும் அலங்காரம் அல்ல

உணவுப் பொருளின் லேபிளில் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண், நிகர எடை, சைவக் குறி எல்லாம் இருக்கின்றன. அவற்றில் ஓர் இலக்கம் உருகி வேறொன்றாகத் தெரிந்தால் அது தவறான தகவல். 2020-ன் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, விளம்பரம் பொருளின் உண்மையான தன்மையோடு ஒத்துப்போக வேண்டியது விற்பவரின் பொறுப்பு. மாடல் செய்துவிட்டது என்பது அங்கே பதிலாகாது.

நம் டப்பாவிலேயே ஒன்று மீதி இருக்கிறது. முன்பக்க லேபிளில் பெயருக்குக் கீழே "துவரம் பருப்பு, மிளகாய், பூண்டு" என்று ஒரு சின்ன வரி இருந்தால், பெயரை மட்டும் மாற்றிய படத்தில் அந்த வரி பிக்சல் பிசகாமல் அப்படியே காக்கப்பட்டிருக்கும். கழித்துப் பார்க்கும் சோதனையும் 0 என்றே சொல்லும். கறிவேப்பிலைப் பொடியின் அச்சடித்த லேபிளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வரி வரியாக ஒப்பிட்டு, மாஸ்க்கில் எதெல்லாம் வர வேண்டும் என்று முதலிலேயே குறித்துக்கொண்டால்தான் அது பிடிபடும்.